நாலைத் தாண்டாத லூப்: வயரா, டிரான்ஸ்மிட்டரா, சப்ளையா?

"இன்னா சார், டேங்க் காலியா கீதுன்னு ஸ்க்ரீன்ல காட்டுது. எட்டிப் பார்த்தா முக்கா டேங்குக்குத் தண்ணி நிக்குது."

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஐப்பசி மழை நாளில் வந்த போன் அது. 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் எங்களுக்கு இன்னும் எல்லாம் வேலூர்ப் பக்கம்தான். பழைய ஆட்களுக்கு வட ஆற்காடு. பேசியவர் அங்கே ஆபரேட்டர். தொட்டி காலி என்றால் 4, நிறைந்தால் 20 என்று மில்லியாம்ப் கணக்கில் லெவலைச் சொல்ல வேண்டிய டிரான்ஸ்மிட்டர், சமன்படுத்தும் தொட்டியில் நாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. முந்தைய ஷிஃப்டில் டிரான்ஸ்மிட்டரையே மாற்றியிருக்கிறார்கள். புதுசும் அதே நாலில் உட்கார்ந்துவிட்டது.

டிரான்ஸ்மிட்டரை மாற்றுவது இந்த வேலையில் கடைசிப் படி. பல இடங்களில் அதுவே முதல் படியாக நடக்கிறது. எந்த வரிசையில் போனால் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும் என்பதை இந்தத் தொட்டியை வைத்தே சொல்கிறேன். 24 வோல்ட் டி.சி. சப்ளை, இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர், பி.எல்.சி. கார்டில் 250 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து ஆலைகளில் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.

மீட்டரை எடுப்பதற்கு முன்

லெவல் குறைந்தால் பம்ப் நிற்கும், கூடினால் இன்லெட் வால்வு மூடும் என்று ஏதாவது இன்டர்லாக் இந்த சிக்னலை நம்பி ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். ஓடினால் ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் சொல்லி, பம்பை மேனுவலுக்கு மாற்றி, பைபாஸுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வயரைக் கழற்றிய நொடியில் சிக்னல் பூஜ்யம் ஆகும், அப்போது எது டிரிப் ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தோல் ஆலைக் கழிவுநீரில் இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் போடும் சல்பைடு கழிவோடு வந்து, அமிலம் கலந்த தண்ணீரைச் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறும். அழுகிய முட்டை வாடை வரும்வரை பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கத் தொட்டிக்குள் தலையை நீட்ட வேண்டாம், இறங்குவது பேச்சுக்கே இல்லை. வெளியே இருந்து அளவுகோலைப் பாருங்கள். வாயு அளக்கும் மீட்டர் சட்டையில் இருக்கட்டும். தீப்பிடிக்கும் வாயு உள்ள பகுதி என்றால், பர்மிட் இல்லாமல் எந்த மூடியையும் திறக்கக் கூடாது. கீழே வரும் சோதனைகளில் சிலவற்றை அங்கே செய்யவே கூடாது.

ஸ்க்ரீனில் 0% என்றால் அது எந்த 0%?

பெரும்பாலான ஸ்க்ரீன்களில் 0 சதவீதத்துக்குக் கீழே காட்டாமல் வெட்டிவிடுவார்கள். அதனால் வயர் அறுந்தாலும் 0, டிரான்ஸ்மிட்டர் செத்தாலும் 0, தொட்டி நிஜமாகவே காலியானாலும் 0. சதவீதத்தை மறந்துவிட்டு மில்லியாம்பைக் கேளுங்கள். கார்டின் மூல எண்ணைப் பார்க்க முடிந்தால் அதை மாற்றிப் பார்க்கலாம்:

```
% = (mA - 4) / 16 * 100
```

0 மில்லியாம்ப் என்றால் -25%. 3.6 என்றால் -2.5%. 3.8 என்றால் -1.25%. காலியான தொட்டிக்கும் அறுந்த வயருக்கும் நடுவில் 4 மில்லியாம்ப் இடைவெளி இருக்கிறது. பூஜ்யத்துக்கு 4 என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த எண்ணை வைத்தே பாதி வழி தெரிந்துவிடும். சுத்தமாக 0.00 என்றால் லூப் எங்கோ திறந்திருக்கிறது, அல்லது சப்ளை இல்லை, அல்லது டிரான்ஸ்மிட்டரின் உள்ளே வழி அடைந்துவிட்டது. இந்த மூன்றையும் பிரிப்பதுதான் பெரிய வேலை, அதற்குக் கீழே வருகிறேன். 3.6 அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே ஆடாமல் நின்றால் டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்கிறது, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று அதுவே சொல்கிறது. நாமூர் என்ற தொழில்துறைச் சங்கத்தின் என்.இ. 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரை அளவீடு, 3.6க்குக் கீழோ 21க்கு மேலோ போனால் பழுது அறிவிப்பு. அப்படியானால் வயரைத் தேட வேண்டாம். அதே இரண்டு வயரிலேயே டிரான்ஸ்மிட்டரோடு பேசும் ஹார்ட் கம்யூனிகேட்டரை மாட்டி என்ன பழுது என்று அதையே கேளுங்கள்.

3.8இல் நின்றால் டிரான்ஸ்மிட்டர் நன்றாக வேலை செய்கிறது, அதற்கு வரும் அழுத்தம்தான் ரேஞ்சுக்குக் கீழே போய்விட்டது. ஐசொலேஷன் வால்வு மூடியிருக்கும், இம்பல்ஸ் குழாய் அடைத்திருக்கும். இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்தை அளக்கும் டி.பி. டிரான்ஸ்மிட்டர் சரியாக 4.00இல் நின்றால் மேனிஃபோல்டின் ஈக்வலைசிங் வால்வைத் திறந்து வைத்துவிட்டு யாராவது டீ குடிக்கப் போயிருப்பார்கள். இன்னொரு சாத்தியமும் உண்டு. யாராவது ஹார்ட்டில் லூப் டெஸ்ட் செய்து 4இல் கட்டிவிட்டு விடுவிக்காமல் போயிருக்கலாம், அல்லது போலிங் அட்ரஸை 0 தவிர வேறு ஏதாவதாக மாற்றியதில் கரன்ட் 4இல் பூட்டிக்கொண்டிருக்கலாம். டிரான்ஸ்மிட்டரின் சொந்த டிஸ்பிளே சரியான லெவலைக் காட்டிக்கொண்டு, கரன்ட் மட்டும் 4.00இல் ஆடாமல் இருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

எங்கள் தொட்டியில் எண் இவற்றில் எதிலும் பொருந்தவில்லை. 3.7, 4.2, 4.0, 3.9 என்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரீனில் டாம்பிங் வைத்திருந்ததால் ஆபரேட்டருக்கு அது 0% என்று அசையாமல் தெரிந்தது. இந்த ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மீட்டரே பொய் சொல்லலாம்

மில்லியாம்ப் வழியில் உள்ளே ஒரு பியூஸ் இருக்கிறது. யாரோ ஒருவர் ப்ரோபை மில்லியாம்ப் துளையில் வைத்துக்கொண்டே 24 வோல்ட்டின் குறுக்கே தொட்டிருந்தால் அந்த பியூஸ் போயிருக்கும். அதற்குப் பிறகு அந்த மீட்டரை நல்ல லூப்பில் தொடரில் போட்டாலும் 0.00தான் காட்டும், போதாததற்கு லூப்பையும் அறுத்து வைக்கும். நான் ஒரு முழு மதியத்தை இப்படி வீணாக்கியிருக்கிறேன். ஒழுங்காக ஓடும் பக்கத்து லூப் ஒன்றில் மீட்டரை முதலில் சோதித்துவிட்டுப் பிறகு கெட்ட லூப்புக்கு வாருங்கள். அந்தப் பக்கத்து லூப்பில் இன்டர்லாக் உண்டா என்று கேட்காமல் அதிலும் கை வைக்கக் கூடாது.

பல டிரான்ஸ்மிட்டர்களில் மூடியைத் திறந்தால் டெஸ்ட் என்று எழுதிய டெர்மினல் இருக்கும். லூப்பைப் பிரிக்காமல் அதில் மில்லியாம்ப் மீட்டரை வைக்கலாம். உள்ளே ஒரு டையோடு தொடரில் இருக்கிறது, மீட்டர் அதை ஓரங்கட்டிவிடுகிறது. இதில் ஒரு சின்ன வித்தை உண்டு. இடி விழுந்த மறுநாள் 0.00இல் கிடக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டரின் டெஸ்ட் டெர்மினலில் மீட்டரை வைத்ததும் சட்டென்று உயிர் வந்துவிட்டால், செத்தது டிரான்ஸ்மிட்டர் இல்லை, அந்த டையோடு. டெர்மினல் பிளாக்கை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டு முனையிலும் வோல்ட்

இப்போது முக்கிய இடம். வயர் எதையும் கழற்ற வேண்டாம். பேனலில் ஃபீல்ட் கேபிள் வந்து சேரும் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே டி.சி. வோல்ட் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டர் மூடியைத் திறந்து, அதன் பிளஸ், மைனஸ் டெர்மினல்களுக்கு நடுவே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். லூப் நன்றாக ஓடும்போது, 4 மில்லியாம்பில் கார்டின் 250 ஓமில் 1 வோல்ட் போகும், ஆகவே பேனலில் 23. அங்கிருந்து தொட்டிக்கு 300 மீட்டர். 1.5 சதுர மில்லி செம்பு வயருக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம், போக வர 600 மீட்டருக்கு 7 ஓம் சொச்சம். 4 மில்லியாம்பில் அதில் இறங்குவது 0.03 வோல்ட். அதாவது தொட்டியிலும் கிட்டத்தட்ட அதே 23 இருக்க வேண்டும். இதிலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கேதான் ஆள் ஒளிந்திருக்கிறார்.

*பேனலிலேயே வோல்ட் இல்லை.* அப்போது தொட்டிப் பக்கம் நடக்க வேண்டாம். அந்த ஒரு லூப் மட்டும் செத்திருக்கிறதா, இல்லை ஒரே கார்டில் உள்ள எல்லாமுமா? எல்லாம் என்றால் 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். அல்லது அதன் எம்.சி.பி. பக்கம் போங்கள். ஒன்று மட்டும் என்றால் பியூஸ் டெர்மினல். அதை மாற்றுவதற்கு முன் ஃபீல்ட் பிளஸ் வயரைக் கழற்றிவிட்டுப் புது பியூஸைப் போட்டு அளந்து பாருங்கள். இப்போது 24 வந்து, வயரை மாட்டியதும் மறுபடி போய்விட்டால் கேபிளில் ஷார்ட். ஷார்ட்டான லூப் முதலில் அதிக கரன்ட்டைத்தான் காட்டும், பியூஸ் போன பிறகுதான் பூஜ்யத்துக்கு வரும். ஆகவே டிரெண்டைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். சிக்னல் விழுவதற்கு ஒரு நொடி முன்பு 100%ஐத் தாண்டி ஒரு ஊசி மாதிரி ஏறியிருந்தால் பியூஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

சப்ளை முழுதாகச் சாகாமல் பாதியில் தொங்கும் கதையும் உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் பேனலில் எஸ்.எம்.பி.எஸ். கெப்பாசிட்டர்கள் சீக்கிரம் காய்ந்துபோகும். லோடு இல்லாமல் 24 காட்டும், லோடில் 17க்கு இறங்கும். பெரும்பாலான டிரான்ஸ்மிட்டருக்கு 10.5 அல்லது 12 வோல்ட் இருந்தால் போதும் என்பதால் சாதாரண லூப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். தீப்பிடிக்கும் பகுதிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாரியர் நடுவில் இருக்கும் லூப்புகளில் மட்டும் பாரியரும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், அவை முதலில் தடுமாறும். பாரியர் லூப்புகள் மட்டும் வரிசையாகக் கெட்டால் நான் முதலில் சப்ளையைத்தான் லோடில் அளப்பேன்.

*பேனலில் முழு 24, டிரான்ஸ்மிட்டரில் 0.* கரன்ட் ஓடாததால் 250 ஓமில் எதுவும் இறங்கவில்லை, அதனால்தான் 23க்குப் பதில் 24. வயர் அறுந்திருக்கிறது. எந்த வயர்? பேனலின் மைனஸ் எர்த் செய்யப்பட்டிருந்தால், கருப்பு ப்ரோபை நல்ல எர்த்தில் வைத்து, டிரான்ஸ்மிட்டரின் இரண்டு டெர்மினலையும் தனித்தனியே அளக்கவும். இரண்டிலும் 0 என்றால் போகும் பிளஸ் வயர் அறுந்தது. இரண்டிலும் 24க்குப் பக்கத்தில் என்றால் பிளஸ் வந்து சேர்ந்து டிரான்ஸ்மிட்டரைத் தாண்டியும் விட்டது, திரும்பும் வயர்தான் அறுந்தது. இதே அளவீட்டை ஜங்ஷன் பாக்ஸ்களில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தால், ஒரு பாக்ஸில் இருக்கும் வோல்ட் அடுத்த பாக்ஸில் மாறியிருக்கும். அறுந்த துண்டு அந்த இரண்டுக்கும் நடுவில்.

*இரண்டு முனையிலும் 24, கரன்ட் 0.* வயர் நல்லது, சப்ளை நல்லது, டிரான்ஸ்மிட்டர் குடிக்கவில்லை. பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா பாருங்கள், நேற்று யாராவது கழற்றி மாட்டியிருந்தால் இது ரொம்ப சகஜம். அது சரி என்றால் டெஸ்ட் டையோடு சோதனை. அதுவும் சரி என்றால்தான் டிரான்ஸ்மிட்டர் செத்தது என்று நான் எழுதிக் கொடுப்பேன். அதற்கும் முன்னால் ஒரு ரெசிஸ்டர் சோதனை செய்துவிடுவேன்.

பையில் வைத்திருக்க வேண்டிய 2.2 கே

லூப் காலிபிரேட்டர் இருந்தால் அதை டிரான்ஸ்மிட்டர் மாதிரி நடிக்க வைத்து 12 மில்லியாம்ப் இழுத்துப் பார்க்கலாம். இல்லை என்றால் அரை வாட் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். டிரான்ஸ்மிட்டரின் இரண்டு வயரையும் கழற்றி, அந்த இடத்தில் ரெசிஸ்டரை மாட்டுங்கள். கணக்கு எளிது:

```
24 V / (2200 + 250) ohm = 9.8 mA
(9.8 - 4) / 16 * 100 = 36 %
```

ஸ்க்ரீனில் 36% பக்கம் வந்தால் சப்ளை, பியூஸ், வயர், கார்டு எல்லாமே பாஸ். மீதி இருப்பது டிரான்ஸ்மிட்டர் மட்டும். தீப்பிடிக்கும் வாயு உள்ள இடத்தில் இந்த வித்தை வேண்டாம்.

எங்கள் தொட்டிக்கு வருவோம்

பேனலில் அளந்தேன், 23. தொட்டிக்குப் போய் டிரான்ஸ்மிட்டரில் அளந்தேன், 12க்குக் கொஞ்சம் கீழே, நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. டிஸ்பிளே ஒளிரும், ஏதோ எழுத்து வரும், அணைந்துவிடும். மறுபடி ஒளிரும். கூட வந்த தம்பி, "அண்ணே, நேத்து மாட்டும்போது வயரைக் கழட்டி வோல்ட் பாத்தோம், பக்கா 24 இருந்திச்சி" என்றான். அவன் சொன்னது உண்மைதான். அவர்களை ஏமாற்றியதும் அதுதான்.

மல்டிமீட்டரின் உள்ளே 10 மெகா ஓம் இருக்கும். வயரைக் கழற்றி அளக்கும்போது லூப்பில் ஓடுவது இரண்டு மூன்று மைக்ரோ ஆம்ப்தான். நடுவில் 3 கிலோ ஓம் துரு உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சிட்டிகைக் கரன்ட்டுக்கு அதில் இறங்குவது சில மில்லிவோல்ட். மீட்டர் 24 என்றே சொல்லும். ஒரு ஆள் தொங்கும் வரை கயிறு இற்றுப்போனது தெரியாத மாதிரி. டிரான்ஸ்மிட்டர் 4 மில்லியாம்ப் இழுத்ததும் அதே துருவில் 11 வோல்ட் போய்விடுகிறது.

இப்போது அந்த ஆட்டத்துக்குக் காரணம் புரியும். தண்ணீர் 75 சதவீதம் இருந்தது, டிரான்ஸ்மிட்டர் 16 மில்லியாம்ப் கொடுக்க முயல்கிறது. கரன்ட்டை ஏற்ற ஏற்ற அதன் டெர்மினலில் வோல்ட் இறங்குகிறது. 10.5க்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் மயங்கி விழுந்து ரீசெட் ஆகிறது. கரன்ட் குறைகிறது, வோல்ட் ஏறுகிறது, கண் விழிக்கிறது, மறுபடி 16க்கு முயல்கிறது, மறுபடி மயக்கம். இந்த லூப்பால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டால்:

```
(24 - 10.5) V / (250 + 2800) ohm = 4.4 mA
```

ஆகவே எந்த டிரான்ஸ்மிட்டரை மாட்டினாலும் அது நாலு சொச்சத்தில்தான் தத்தளிக்கும். புதுசு மட்டும் என்ன செய்யும், பாவம்! தொட்டி நிஜமாகவே காலியாக இருந்திருந்தால் லூப் 4.00இல் ஒழுங்காக ஓடியிருக்கும், யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. இந்த நோயின் மோசமான பக்கம் அதுதான். காலைச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டு, தண்ணீர் ஏறும்போதுதான் கைவிடும்.

2800 ஓம் என்பது எங்கிருந்து வந்தது? ரெசிஸ்டர் சோதனையிலிருந்து. 9.8 வர வேண்டிய இடத்தில் 4.6 வந்தது. 24 வோல்ட்டை 4.57 மில்லியாம்பால் வகுத்தால் மொத்தம் 5.25 கிலோ ஓம். அதில் ரெசிஸ்டரும் கார்டும் சேர்ந்து 2.45. மீதி 2.8 கிலோ ஓம் லூப்பில் எங்கோ யாரும் கேட்காமல் குடியிருக்கிறது. துருவின் எதிர்ப்பு கரன்ட்டுக்கு ஏற்ப மாறும் என்பதால் இதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 7 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்பது போதும்.

ஜாயின்ட்டின் குறுக்கே அளப்பது

இடத்தைக் கண்டுபிடிக்க வயரைக் கழற்றினால் துரு கொஞ்சம் உரசி, லூப் தானாக ஓட ஆரம்பித்துவிடும். மூன்று நாள் கழித்து மறுபடி போன் வரும். அதனால் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே தேட வேண்டும். ரெசிஸ்டரை அப்படியே விட்டுவிட்டோம், கரன்ட் ஆடாமல் நிற்க அது வசதி. வழியில் இரண்டு ஜங்ஷன் பாக்ஸ். ஒவ்வொரு பாக்ஸிலும், ஒரே வயரின் உள்ளே வரும் முனையிலும் வெளியே போகும் முனையிலும் ப்ரோபை வைக்க வேண்டும். டெர்மினலின் ஸ்க்ரூவில் வைக்கக் கூடாது, வெளியே தெரியும் செம்பு இழையிலேயே வைக்க வேண்டும். நல்ல ஜாயின்ட்டில் மீட்டர் 0.00 காட்டும்.

பேனலுக்குப் பக்கத்துப் பாக்ஸில் பிளஸ் 0.00, மைனஸ் 0.00. தொட்டிக்கு மேலே கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்த பாக்ஸில் பிளஸ் 0.00. மைனஸ் 12.7 வோல்ட். ஒரு அங்குல நீளமுள்ள டெர்மினலில், சப்ளையில் பாதிக்கு மேல்.

மூடியைத் திறந்தபோதே பாதி புரிந்திருந்தது. கேபிள் நுழையும் கிளாண்ட் மேல்பக்கமாக இருந்தது. மழைத் தண்ணீர் கேபிள் வழியே இறங்கி உள்ளே ஒரு கோடு போட்டிருந்தது. அந்த வயரின் செம்பு பச்சையாகக்கூட இல்லை, அடுப்புக்கரி மாதிரி கருப்பு. சாதாரண ஈரத்தில் செம்பு பச்சை பூக்கும். இந்தக் கருப்பு ஹைட்ரஜன் சல்பைடின் கைவேலை, செம்பு சல்பைடு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்களில் தொட்டிகளுக்கு மேலே இருக்கும் எந்த பாக்ஸைத் திறந்தாலும் இதைப் பார்க்கலாம். இழுத்தால் வயர் வரவில்லை, ஸ்க்ரூவும் இறுக்கமாகவே இருந்தது. ஸ்க்ரூவை மறுபடி இறுக்கிவிட்டுப் போயிருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்கும்.

இதே வேஷத்தில் வரும் இன்னொன்று

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வோல்ட் சோதனைகள் இதைப் பிடிக்காது. சப்ளையின் மைனஸ் எர்த் செய்யப்பட்டிருந்து, டிரான்ஸ்மிட்டரிலிருந்து கார்டுக்குத் திரும்பும் வயர் வழியில் எங்காவது தோல் உரிந்து டிரேயைத் தொட்டால், கரன்ட் கார்டுக்குப் போகாமல் எர்த் வழியாகவே வீடு போய்ச் சேர்ந்துவிடும். டிரான்ஸ்மிட்டரில் வோல்ட் இருக்கும், டிஸ்பிளே சரியான லெவல் காட்டும், டெஸ்ட் டெர்மினலில் 16 மில்லியாம்ப் ஓடும். கார்டு மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். ஆட்கள் கார்டை மாற்றுவார்கள்.

இதைப் பிடிக்க ஒரே வழி, கரன்ட்டை இரண்டு முனையிலும் அளப்பது. தொடரில் ஓடும் கரன்ட் எங்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஃபீல்டில் 16, பேனலில் திரும்பும் வயரில் 0 என்றால் நடுவில் ஒழுகுகிறது. ஈரமான பாக்ஸில் இது முழுதாக நடக்காமல் ஒன்று இரண்டு மில்லியாம்ப் மட்டும் ஒழுகும், அப்போது லெவல் எப்போதும் கொஞ்சம் குறைவாகத் தெரியும். உறுதி செய்ய, இன்சுலேஷன் அளக்கும் மெக்கர் போடலாம். ஆனால் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிய பிறகுதான். மெக்கரின் 500 வோல்ட்டை டிரான்ஸ்மிட்டருக்கோ கார்டுக்கோ காட்டினால், அதுவரை கெடாமல் இருந்ததும் கெட்டுவிடும்.

சரி செய்தது

கருப்பு வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இழைகளுக்குள்ளே கருப்பு ஏறியிருக்கும். ஒவ்வொரு அங்குலமாக வெட்டிக்கொண்டே போனோம், பளபளக்கும் செம்பு தெரிய ஒரு சாண் போக வேண்டியிருந்தது. நல்ல வேளையாகக் கேபிளில் சுருள் விட்டிருந்தார்கள். வெள்ளீயம் பூசிய ஃபெரூல் போட்டு கிரிம்ப் செய்து, டெர்மினலையும் புதிதாக மாற்றினோம். பாக்ஸைத் திருப்பி கிளாண்ட் கீழ்ப்பக்கம் வருமாறு மாட்டி, கேபிளை பாக்ஸுக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி மேலே ஏற்றினோம். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மூடியின் ரப்பரும் புதிது. இடைவெளியை அடைக்க வினிகர் வாடை வீசும் சாதாரண சிலிகான் பேஸ்ட்டை மட்டும் உள்ளே பூசாதீர்கள். அது காயும்போது விடும் அசிடிக் அமிலம் செம்பை இன்னொரு பக்கமிருந்து தின்னும்.

டிரான்ஸ்மிட்டரை மாட்டுவதற்கு முன் மறுபடி 2.2 கே. ஸ்க்ரீனில் 36 சதவீதம். மாட்டிய பிறகு ஹார்ட்டில் லூப் டெஸ்ட், 4, 12, 20. இதில் 4இல் பாஸ் ஆனதை வைத்து முடித்துவிடாதீர்கள், இந்த நோய் 20இல்தான் வெளியே வரும். 20இல் கார்டில் 5 வோல்ட்டும் வயரில் 0.15 வோல்ட்டும் போக, டிரான்ஸ்மிட்டரில் 18.8 இருக்க வேண்டும், இருந்தது. லூப் டெஸ்ட்டை விடுவித்ததும் 16 மில்லியாம்ப் சொச்சத்தில் நின்றது. ஆபரேட்டர் ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, பம்பை ஆட்டோவில் போட நான் சொல்லும்வரை காத்திருந்தார். பைபாஸை எடுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னேன்.

முந்தைய ஷிஃப்டில் கழற்றிய பழைய டிரான்ஸ்மிட்டர் "கெட்டது" என்ற அட்டையோடு ஸ்டோரில் இருந்தது. மேஜையில் வைத்து 24 வோல்ட்டும் கைப்பம்பும் கொடுத்துப் பார்த்தோம். 4, 8, 12, 16, 20, எல்லாம் சரியாக வந்தது. அட்டையைக் கிழித்துவிட்டு ஸ்பேர் அலமாரியில் வைத்தான் தம்பி.